குவார்ட்டரும் ஹான்ஸ் பொட்டலமும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஊர்த் தெருவில் சாவு விழுந்தால், காலனியில் இருந்து மேளம் அடிக்க ஆள் கூப்பிடுவது இன்றும் முழுதாக நின்றுவிடவில்லை. கூலி பேசும்போதே சரக்கும் பேசப்படுகிறது. காலையில் தொடங்கும் மேளம் பிணம் எடுக்கும் வரை ஓயாது. நடுவில் ஆளுக்கொரு குவார்ட்டர் வரும். கூடவே பீடிக்கட்டும் ஹான்ஸ் பொட்டலமும் வரும். கரும்பு வெட்டிலும், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் வேலையிலும் இதே கதைதான். நாற்றத்தைத் தாங்க குடித்துவிட்டு இறங்கு என்று சொல்லிக் கொடுப்பவர்கள் தொட்டியில் இறங்குவதில்லை.

குடி குடும்பத்தைக் கெடுக்கும், புகையிலை புற்றுநோய் தரும் என்பதை நம் மக்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லாதது வேறொன்று. இந்த இரண்டும் ஒரே வாயில் சேரும்போது, வாய்க்கும் தொண்டைக்கும் வரும் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும். புகையிலை ஒருவருடைய ஆபத்தை 4 மடங்காக்குகிறது, மது 3 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உள்ளவருக்கு 6 அல்லது 7 மடங்கு இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வாய்ப் புற்றுநோயில் அது 12 மடங்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் 1988-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், தினமும் 2 பாக்கெட்டும் அதற்கு மேலும் சிகரெட் பிடித்து, 4 அளவுக்கு மேல் மதுவும் குடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து 35 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அந்த '4 அளவு' எவ்வளவு என்று கேட்கலாம். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 43 சதவீதம் சாராயச் சத்து, எடையில் ஏறக்குறைய 60 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு என்பது 14 கிராம். அதாவது அங்கே மிகக் கடுமையான குடி என்று ஆய்வாளர்கள் வகுத்த எல்லையை, இங்கே தினம் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் தாண்டிவிடுகிறார். 'ஒரு குவார்ட்டர்தானே' என்று நாம் சொல்லும் அந்த ஒன்றுதான் இது.

அது சிகரெட் பிடிக்கும் நாடு, நம் ஆட்கள் வாயில் அடக்குகிறவர்கள் என்று தள்ளிவிட முடியாது. டாடா நினைவு மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்திய ஆண்களிடம் கன்னத்து உட்புறப் புற்றுநோயை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் மதுவோடு மெல்லும் புகையிலையும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து 4 மடங்குக்கு மேல் இருந்தது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் புற்றுநோயாளிகளை வைத்து 2003-ல் வெளியான ஆய்வும் புகைத்தல், மெல்லுதல், குடி ஆகிய மூன்றையும் தனியாகவும் சேர்த்தும்தான் பார்த்தது.

ஏன் இப்படிப் பெருகுகிறது? மேளக்காரத் தம்பியின் வாயையே பார்ப்போம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஹான்ஸை அடக்கியிருக்கிறார். எச்சிலில் ஊறி நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. வாயின் உள்தோல் அதைத் தன்னால் முடிந்தவரை தடுத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் தண்ணீர் கலக்காமல் சரக்கு உள்ளே போகிறது. அது உள்தோலின் காவலைத் தளர்த்திவிடுகிறது. வெளியே நின்றிருக்க வேண்டிய புகையிலை நஞ்சு தோலின் ஆழத்துக்கு இறங்குகிறது. பெயின்டைத் தின்னர் கரைப்பது போலத்தான். மதுவுக்குள்ளும் ஒரு வேலை நடக்கிறது. வாயில் உள்ள கிருமிகள் அதை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகின்றன. குடியால் உண்டாகும் இந்தப் பொருளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. புகைப்பவர் வாயிலும் பல் துலக்காதவர் வாயிலும் அது கூடுதலாக உண்டாகிறது. காயம் ஆற வேண்டிய உடம்புக்கோ காய்கறியும் பழமும் கிடைப்பதில்லை. எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான் வந்து விழுகிறது.

நோய் வந்தபின் நடப்பதும் எனக்குக் கவலை தருகிறது. வலி முதலில் பல்வலி போலத் தெரியும். கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். பல் ஆடும், பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கிய குழி ஆறாது. அப்போதுதான் சந்தேகம் வரும், அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிடப் பயப்பட வேண்டிய சிவப்புத் திட்டு, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், விழுங்கும்போது ஒரே பக்கக் காதில் குத்தல், கழுத்தில் வலிக்காத கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். உங்கள் மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட முடியவில்லை என்றாலும் அப்படித்தான். காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் போக வேண்டும். தினக்கூலிக் குடும்பம் அத்தனை நாள் கூலியை எங்கே தேடும்? பாதியில் நிறுத்துவது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல.

முன்பே பிடிக்க வழி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், மருத்துவர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் செய்தது வாயைத் திறக்கச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் பார்த்ததுதான். சந்தேகம் வந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் காலனிகளில் பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாசலுக்கு வருகிறது. அதே வருகையில் ஆண்களின் வாயையும் பார்க்கலாம். மாலையில் வர வேண்டும், பகலில் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

அரசுக்கு இன்னொரு கேள்வி. புகையிலைப் பொட்டலத்தில் புற்றுநோய்ப் படம் போடுகிறீர்கள். டாஸ்மாக் பாட்டிலில் உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பதோடு முடித்துக்கொள்கிறீர்கள். புற்றுநோய் என்ற சொல் அதில் ஏன் இல்லை? குட்கா, ஹான்ஸ் விற்கத் தடை போட்ட அரசுதான் சரக்கையும் விற்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊரில் தடையின் பலம் எவ்வளவு என்பது பெட்டிக்கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தைச் சொல்லிக் குடியை எதிர்த்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. ஆனால் உதட்டுக்குள் ஒளிந்திருக்கும் பொட்டலத்தைப் பற்றி நம் மேடைகளில் அவ்வளவாகப் பேச்சில்லை. குடியை விட்டவர், கை நடுக்கத்துக்கும் எரிச்சலுக்கும் ஹான்ஸை இரண்டு மடங்காக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது பாதி விடுதலைதான். ஆனாலும் இரண்டில் எது ஒன்றை விட்டாலும் அந்தப் பெருக்கல் உடைகிறது. பலன் ஒரே நாளில் தெரியாது, ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு மெல்லத்தான் இறங்கும். பல வருடமாகத் தினமும் குடிப்பவர் மட்டும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். ஹான்ஸை இன்றைக்கே துப்பிவிடலாம், அதற்கு அந்த ஆபத்து இல்லை.

அடுத்த சாவு மேளத்துக்குக் கூலி பேசும்போது, சரக்குக்கும் பொட்டலத்துக்கும் ஆகும் பணத்தையும் கூலியாகவே கையில் கேட்கலாம். தர மறுப்பவர்கள் வீட்டுக்கு மேளம் எதற்கு?