ஸ்டார்ட்அப் விண்ணப்பத்தில் 'நிறுவனர் கதை' எழுதுவது எப்படி?

கேள்வி: என் மகள் வேளாண் பொறியியல் படித்தவள். சின்ன வெங்காயம் கெடாமல் வைக்கும் பட்டறை அமைத்துத் தரும் தொழில் தொடங்க, ஆக்சிலரேட்டர் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். எழுதிய 'நிறுவனர் கதை'யை இத்துடன் அனுப்பியுள்ளோம். சரியாக இருக்கிறதா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஆக்சிலரேட்டர் என்பது புதுத்தொழில் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்கள் வழிகாட்டி, முதலீட்டாளர்களிடம் அறிமுகம் செய்துவைக்கும் அமைப்பு. இந்தப் பகுதியில் அவர்கள் தேடுவது இரண்டு: இந்தத் தொழிலை ஏன் எடுத்தார், அதைச் செய்து முடிப்பார் என்று எதை வைத்து நம்புவது? அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் விண்ணப்பமும், இந்த யோசனையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இத்துறையில் அனுபவம் உண்டா என்று சேர்த்தே கேட்கிறது.

மகளின் கதையில் முக்கால் பங்கு தாத்தா காலத்து விவசாயமும் விலை சரிந்த வருத்தமும்தான். பொய்யில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். வினாடி வினாவில் வாங்கிய பரிசுக்கும் வெங்காயத்துக்கும் தொடர்பில்லை, எடுத்துவிடலாம். எடை போட்டுப் பார்த்த சோதனையோ கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. அதுதான் முன்னே வர வேண்டும். அவர் தந்த விவரங்களை வைத்தே இப்படி எழுதலாம்:

"எங்கள் வீட்டுப் பட்டறையில் அடியில் காற்றோட்டம் இல்லாததால் வெங்காயம் அழுகியதைச் சிறு வயதிலிருந்து பார்த்தேன். படிப்பு முடிந்ததும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, மூங்கில் தப்பைத் தளம் போட்ட பட்டறையை நானே வரைந்து கட்டினேன். ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்து, நிழலில் உலர்த்திய காயைப் பழைய பட்டறையில் 1,000 கிலோ, புதியதில் 1,000 கிலோ வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பழையதில் 600 கிலோவும் புதியதில் 780 கிலோவும் நல்ல காயாக இருந்தன. அதைப் பார்த்த இரு விவசாயிகள் பணம் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள்."

இங்கே காரணமும் திறமையும் ஒரே பட்டறையில் சந்திக்கின்றன. அந்த இரு விவசாயிகள் கொடுத்த பணம் பட்டப்படிப்பைவிடக் கனமான சான்று.

'கட்டினோம்' என்று எழுதினால் நேர்காணலில் 'நீங்கள் செய்தது எது?' என்று கேட்பார்கள். கொத்தனார் செய்ததையும் தான் செய்ததையும் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. எடைச் சீட்டும் தேதியுள்ள படங்களும் கையில் இருக்கட்டும். 780 கிலோவை 'இழப்பே இல்லை' என்று ஊதிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

இது ஒரு பருவத்துச் சோதனை என்பதையும் மறைக்க வேண்டாம். அடைமழைக் காலத்தில் இந்தப் பட்டறை எப்படி நிற்கும் என்று இன்னும் பார்க்கவில்லை. வரும் ஐப்பசியில் பார்க்கப்போவதாக ஒரு வரி சேர்த்தால் போதும்.