நன்றி சொன்ன பிறகு

இரவில் வீடு திரும்பிக் கைபேசியைத் திறந்தால், நோயாளிகளின் குடும்பத்தார் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும். அவற்றுள் பல, "நன்றி டாக்டர்" என்ற இரு சொற்களோடு முடிந்திருக்கும். சிலர் கைகூப்பும் படத்தை மட்டும் அனுப்பியிருப்பர். சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவில் ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டுவிட்டார்: "நீங்க சொன்னதுக்கு நன்றின்னு போடலேன்னா மரியாதைக் குறைவோன்னு தோணுது. போட்டா உங்களைத் தொந்தரவு பண்றோமோன்னு இருக்கு. எது சரி டாக்டர்?" வெளியே கூட்டம் காத்திருந்ததால் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கு உரிய விடையை இங்கே எழுதுகிறேன்.

மறுமுனையில் இருப்பவர் இன்னும் எதையாவது அறியக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். காத்திருந்தால் பதில் அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்கு "நன்றி" என்ற சொல் மட்டும் போதாது. எவரும் எதற்கும் காத்திருக்கவில்லையெனில், அனுப்பாமல் விடுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. இதை நான் அறிந்துகொண்டது ஒரு தவற்றின் வழியாக. அந்தத் தவற்றில் பெரும்பங்கு என்னுடையது.

இதயத்தில் செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்ட அம்மையார் ஒருவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வந்தார். மாத்திரையின் விளைவை ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையால் அளப்போம். அவரைப் போன்றவர்களுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கூடினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவருடைய மகன் அனுப்பிய முடிவில் 5.4 என்றிருந்தது. ரத்தக்கசிவு எங்கும் இல்லை. "இன்றும் நாளையும் மாத்திரையை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை பரிசோதித்து அனுப்பவும்" என்று எழுதினேன். அடுத்த நிமிடமே "நன்றி டாக்டர்" என்று பதில் வந்தது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதென்ற நிம்மதியில் கைபேசியை வைத்துவிட்டேன்.

மகன் புதன்கிழமை வேலைக்காகத் திருப்பூர் புறப்பட்டுவிட்டார். போகும்போது தாயிடம், "டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பரிசோதனை நடக்கவில்லை. அடுத்த புதன்கிழமை அந்த அம்மையார் என்னிடம் வந்தபோது, எட்டு நாள்களாக ஒரு மாத்திரையும் உட்கொண்டிருக்கவில்லை, ஐ.என்.ஆர். 1.2 ஆக இறங்கியிருந்தது. எக்கோ எடுத்துப் பார்த்து, வால்வு தடையின்றித் திறந்து மூடுவதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நிறுத்திவிட்டு" என்று நான் எழுதியதை இரு விதமாகப் படிக்கலாம். அதற்கு வந்த "நன்றி", செய்தி புரிந்தது என்பதற்கு அடையாளமன்று. கண்ணில் பட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். இப்போது கிழமையையும் வேளையையும் குறித்தே எழுதுகிறேன்: "செவ்வாய் இரவு, புதன் இரவு இரண்டு வேளை மட்டும் வேண்டாம். வியாழன் காலை பரிசோதனை. முடிவைப் பார்த்துவிட்டு அன்றிரவு எவ்வளவு என்று சொல்கிறேன்." (இது அந்த ஒருவருக்காகச் சொன்ன அளவு, உங்கள் வீட்டில் பின்பற்றாதீர்கள்.) பதிலாக நான் எதிர்பார்ப்பது, அதே செய்தியை உங்கள் சொற்களில் திருப்பி எழுதுவதைத்தான். "ரெண்டு ராத்திரி மாத்திரை இல்லை, வியாழக்கிழமை லேப் போறோம்" என்று வந்தால் போதும். நானும் "சரி" என்பேன். அதற்குமேல் நன்றி எழுதாவிட்டாலும் குறையில்லை. மருத்துவர் தொலைவிலிருந்து ஆலோசனை கூறுவதற்கு இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய எழுத்துச் செய்திகளையும் மருத்துவப் பதிவாகவே பாதுகாக்கச் சொல்கின்றன. அந்தப் பதிவின் கடைசி வரி "நன்றி" என்றிருந்தால், பின்னாளில் அதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

முடித்துவைக்கும் செய்தி கட்டாயம் தேவைப்படும் இடம் இன்னொன்று உண்டு. ரத்தம் வேண்டுமென்று குழுக்களில் செய்தி அனுப்புகிறீர்கள், ரத்தம் கிடைத்துவிடுகிறது, அலைச்சலில் அந்தச் செய்தியை மறந்துவிடுகிறீர்கள். அது தேதியில்லாமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நாள் கழித்துப் பாபநாசத்திலிருந்து ஓர் இளைஞர், அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வருவார். நோயாளி இதற்கிடையே இறந்திருந்தால், "ரத்தம் இன்னும் வேணுங்களா?" என்று கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் அந்தக் குடும்பம் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே முதற்செய்தியிலேயே தேதியை எழுதுங்கள். தேவை முடிந்ததும், அனுப்பிய இடங்களிலெல்லாம் "ரத்தம் கிடைத்துவிட்டது, இனி அழைக்க வேண்டாம்" என்று அறிவியுங்கள். வந்து ரத்தம் கொடுத்தவருக்குத் தனியே நன்றி சொல்லுங்கள். குழுவிலுள்ள நூறு பேரும் அதற்கு மறுநன்றி எழுத வேண்டியதில்லை.

பதில் எழுதாமல் விடுவதே அன்பாகும் இடத்துக்கு வருகிறேன். துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது நாம் "போய் வருகிறேன்" என்று சொல்வதில்லை; எழுந்து, பேசாமல் படியிறங்கிவிடுவோம். அதை யாரும் மரியாதைக் குறைவாகக் கொள்வதுமில்லை. அஞ்சலில் வந்த கருமாதிக் கடிதத்தையும் படித்தவுடன் கிழித்துவிடுவார்கள். பதில் எழுதுவதில்லை, நேரில் போய்த் துக்கம் விசாரிப்பார்கள். கைபேசி வந்த பிறகு இந்த நுட்பத்தை நாம் மறந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதயச் செயலிழப்பால் என்னிடம் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவரின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். உடலில் நீர் சேர்வதை எடை முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதால், தந்தையின் காலை எடையைப் பதினோரு மாதங்கள் நாள் தவறாமல் எனக்கு அனுப்பி வந்தார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மாத்திரையை மாற்றுவோம். பெரியவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த மகள் நீண்டதொரு நன்றிக் கடிதம் அனுப்பினார். எடை பார்க்கும் முன் தம் மேல்துண்டைக் கழற்றி மடித்து வைக்கும் அவர் தந்தையின் வழக்கத்தை நினைவுகூர்ந்து, நான்கு வரியில் பதில் எழுதினேன். "நன்றி டாக்டர்" என்று வந்தது. "நன்றி, எது வேண்டுமானாலும் எப்போதும் அழையுங்கள்" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.

காரணம் உண்டு. முன்பொருமுறை வேறொரு குடும்பத்துடன் இப்படியே நன்றிக்கு நன்றி என்று நீட்டிக்கொண்டு போனேன். என் பெயர் திரையில் தோன்றும்போதெல்லாம், மருத்துவமனையின் கடைசி இரவு அந்த மகனுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு நள்ளிரவில், "மூணு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?" என்று எழுதினார். அதற்கு இரண்டு வரியில் பதிலெழுத என்னால் இயலவில்லை. நேரில் வரச் சொன்னேன். நோய்க்குறிப்பேட்டை விரித்து வைத்து, நாள்வாரியாக முக்கால் மணி நேரம் பேசினோம். வந்து படர்ந்த நோயை மூன்று நாள் மாற்றியிராது என்பது அவருக்கு விளங்கியது. இத்தகைய வினா உங்கள் மனத்தில் இருந்தால், மாதங்கள் கழிந்திருந்தாலும் கேளுங்கள்; அதைக் கேட்பது தொந்தரவாகாது. ஆனால் வினா இல்லாத இடத்தில், மரியாதைக்காக நான் எழுதும் ஒரு வரி அதைக் கிளறிவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

சிங்கப்பூர் மகளின் "நன்றி டாக்டர்" இன்றும் என் கைபேசியில் கடைசி வரியாக இருக்கிறது. அதற்கு மேலே பதினோரு மாதத்து எடைகள்.