பந்தியை அட்டவணையாக்கும் போது

நீண்ட குறிப்பொன்றைக் கலைச்சொல் அட்டவணையாகச் சுருக்குவது நம்மில் பலரின் பரீட்சைக்காலப் பழக்கம். ஆனால் அநேகமானோர் செய்வது பந்தியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதைத்தான். வெட்டும்போது முதலில் தொலைவது நிபந்தனைச் சொற்கள். என் கருத்தில், அவற்றை இழந்த அட்டவணையை விடப் பழைய பந்தியே மேல்.

பொருளியலில் ஒரு பந்தியை எடுத்துக்கொள்வோம். வெங்காயம் கிலோ 300 ரூபாவாக இருந்தபோது ஒரு குடும்பம் வாரத்துக்கு 2 கிலோ வாங்கியது. வேறெதுவும் மாறாமல் விலை 200 ரூபாவானதும் 3 கிலோ வாங்கியது. பின்னர் பெருநாள் வந்தது. விலை அதே 200 ரூபாவாக இருந்தும் 5 கிலோ வாங்கியது. முதலாவது கேள்வித் தொகை மாற்றம், இரண்டாவது கேள்வி மாற்றம் என்று பந்தி முடிகிறது.

இதை அவசரமாக வெட்டினால், கேள்வி, கேள்வித் தொகை இரண்டுக்கும் நேரே "நுகர்வோர் வாங்க விரும்பும் அளவு" என்றே எழுதிவிடுவோம். இரண்டு சொல்லுக்கும் ஒரே வரைவிலக்கணம்! முறையாக எழுதினால் இப்படி வரும்:

| சொல் | வரைவிலக்கணம் |
|---|---|
| கேள்வி | ஏனையவை மாறாதிருக்க, குறித்த காலத்தில், வெவ்வேறு விலைகளில் நுகர்வோர் வாங்க விரும்பும், வாங்கும் ஆற்றலுமுள்ள அளவுகள் |
| கேள்வித் தொகை | அவ்விலைகளுள் ஒரு குறித்த விலைக்குரிய அளவு |
| கேள்வித் தொகை மாற்றம் | அப்பொருளின் விலை மாறுவதால் கேள்வித் தொகை கூடுதல் அல்லது குறைதல். அதே கேள்வி வளையியில் நகர்வு |
| கேள்வி மாற்றம் | விலை தவிர்ந்த காரணியால் (வருமானம், விருப்பம் போன்றவை) ஒவ்வொரு விலையிலும் அளவு மாறுதல். வளையியே இடம்பெயரும் |

வெங்காயமும் பெருநாளும் இதில் இல்லை. அவை உதாரணங்கள், வேண்டுமானால் மூன்றாவது நிரலில் எழுதலாம். வரைவிலக்கணத்துக்குள் நுழைந்தால், வெங்காயத்துக்கு மட்டும் பொருந்தும் விளக்கமாகிவிடும். அகர வரிசையும் இங்கு பின்பற்றப்படவில்லை. அப்படி அடுக்கினால் கேள்வித் தொகைக்கு முன்னரே கேள்வி மாற்றம் வந்து நிற்கும். ஒரு சொல்லை விளக்கப் பயன்படும் சொல் அதற்கு மேலே இருந்தால்தான் வாசிப்பவர் தடுமாறமாட்டார்.

அட்டவணை சரியா என்று பார்க்க, சொல் நிரலைக் கையால் மறைத்துவிட்டு வரைவிலக்கணத்தை மட்டும் வாசியுங்கள். ஒரே ஒரு சொல்தான் மனதில் வரவேண்டும். இரண்டு வந்தால் ஏதோ ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது. பந்திக்குத் திரும்பிப் போய்த் தேட வேண்டும். அப்படியும் ஒரு குறை மிஞ்சும். விலை குறைய ஏன் கூடுதலாக வாங்குகிறோம் என்ற காரணத்துக்கு இந்த அட்டவணையில் இடமில்லை. கட்டுரை வினாவில் கேட்கப்படுவது பெரும்பாலும் அந்த "ஏன்" தான். ஆகவே அட்டவணை தயாரானதும் மூலப் பந்தியைக் கிழித்து வீசிவிடாதீர்கள்.