போன் சர்வேயின் முதல் அரை நிமிடம்



போனில் சர்வே எடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கும் நம்ம மாணவி ஒருத்தி, தொடக்கத்தில் வாசிக்க வேண்டிய முன்னுரையை அனுப்பி, "தமிழ் சரியா சார்?" என்று கேட்டாள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் "தங்களது பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை ஒதுக்க இயலுமா?" என்று ஆரம்பித்தால், அம்பாசமுத்திரத்து ஆச்சி "லோன் வேண்டாம்யா" என்று போனை வைத்துவிடுவாள்.

போனை எடுத்தவர் மனதில் ஓடுவது மூன்றே கேள்விகள். யார் பேசுகிறது? என் நம்பர் எப்படிக் கிடைத்தது? என்னிடம் எதைப் பிடுங்கப் போகிறார்கள்? அந்த வரிசையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய சர்வே என்று வைத்துக்கொண்டு, இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"வணக்கம்மா. நான் இன்ன நிறுவனத்திலிருந்து இன்னார் பேசுறேன். வெள்ளத்துக்குப் பிறகு வயலும் வீடும் எப்படி இருக்குன்னு ஆத்தங்கரை ஊர்கள்ல விசாரிக்கிறோம். குலுக்கல்ல உங்க நம்பர் வந்திருக்கு. எதையும் விக்க வரல. ஓடிபி, ஆதார், பேங்க் விவரம் கேக்க மாட்டேன். பத்து நிமிஷம் ஆகும். பிடிக்காத கேள்விய விட்டுடலாம். ஆரம்பிக்கட்டுமா?"

பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். குலுக்கல் என்றால் குலுக்கலாகவே இருக்க வேண்டும்.

தயக்கமும் ஒரே மாதிரி இருக்காது. "வேலையா இருக்கேன்" என்பது மறுப்பு அல்ல. எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு, அதே நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். "எனக்கென்ன தெரியும், மகன்கிட்ட கேளுங்க" என்றால் மகனிடம் தாவக் கூடாது. குலுக்கலில் வந்தது அந்த அம்மா. "உங்க வீட்டுல நடந்தது உங்களுக்குத் தெரியுமேம்மா" என்றால் போதும். சந்தேகப்படுபவரிடம் அலுவலக நம்பரைக் கொடுத்து, விசாரித்த பிறகு பேசலாம் என்று விட்டுவிட வேண்டும். தெளிவாக "வேண்டாம்" என்றவருக்கு நன்றி சொல்லிக் குறித்துவைக்க வேண்டும். மறுபடி யாரும் கூப்பிடக் கூடாது.

மறுத்தவருக்குப் பதில் வேறொருவரைப் பிடித்தால் ஆகாதா என்று கேட்கலாம். 2020 ஊரடங்கில் சிஎம்ஐஇ நிறுவனம் வீடு வீடாக எடுத்த சர்வேயைப் போனுக்கு மாற்றியபோது, பதில் தந்த வீடுகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணிக்கையை வேறு ஆட்களைக் கொண்டு நிரப்பிவிடலாம். ஆனால் விடிந்ததும் வயலுக்குப் போகிறவர் விட்டுப்போய், வீட்டில் ஓய்வாக இருப்பவரே நிறைந்தால், கணக்கு ஓய்வாக இருப்பவரின் ஊரைத்தான் காட்டும்.

என் கருத்து இது: முன்னுரையில் சொல்ல வேண்டிய குறிப்புகளை மட்டும் கொடுங்கள், அந்தப் பிள்ளை தன் பேச்சுத்தமிழில் சொல்லட்டும். எழுதியதை அப்படியே வாசிப்பதைவிட இது நன்றாகப் பலன் தருவதாக நெதர்லாந்தில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றும் காட்டியது. ஆனால் சர்வே கேள்விகளை எழுத்து மாறாமல்தான் வாசிக்க வேண்டும். ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் பதில்களை ஒன்றாகக் கூட்ட முடியாது.

இப்படி உங்களுக்கு அழைப்பு வந்தால், அந்த மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். சரியான பதில் வந்தால் பத்து நிமிடம் பேசுங்கள். ஓடிபி கேட்டால் உடனே போனை வையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.