‘இடையில் என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்பதற்கு முன்

கர்ப்பகால நீரிழிவு மருத்துவமனைகளில் ஒரு கேள்வி வழக்கமாகிவிட்டது: “இடையில் என்ன சாப்பிட்டாய்?” பெண்ணின் வாய்க்கட்டுப்பாட்டைச் சந்தேகிக்கும் இக்கேள்விக்கு, பல வேளைகளில், குற்றவாளி அவள் அல்லள், அவளுடைய அளவுகளை வரிசைப்படுத்திய படிவமே என்பதுதான் என் வாதம்.

தாராவியில் என் தெருவில் வாழும், முதற் குழந்தையைச் சுமக்கும் ஒரு பெண்ணின் ஒரு வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கருவியின் நினைவகத்தில் 24 அளவுகள், சராசரி 112. மருத்துவமனைப் படிவத்தின் கட்டங்கள் கடிகாரப்படி வகுக்கப்பட்டவை: காலை எட்டு மணிக்கு உணவு, பத்து மணிக்குச் சோதனை, பன்னிரண்டு மணி என்றால் ‘மதிய உணவுக்கு முன்’. அவ்வாறே நிரப்பியதில், ‘மதிய உணவுக்கு முன்’ என்ற கட்டத்தில் 148, 139, 152, 118, 144, 151 என்று எண்கள் விழுந்தன. உணவுக்கு முன்பே இவ்வளவா? உடனே அந்தக் கேள்வி. “நான் ஒண்ணும் திங்கலக்கா” என்று என்னிடம் அழுதாள்.

அவள் சொன்னது உண்மை. ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் சோதித்துவிட்டு, தண்ணீர் பிடித்து, சமைத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டு அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது மணி பத்து. நண்பகல் அளவு, காலையுணவுக்கு இரண்டு மணி நேரத்திற்குப் பின் எடுக்கப்பட்டது. அவளுக்குக் கூறப்பட்ட விதிப்படியே எடுக்கப்பட்டது. தவறு விரலில் இல்லை, தலைப்பில் இருந்தது.

நாங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு உணவைத் திறவுகோலாகக் கொண்டு மீண்டும் அடுக்கினோம். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. வெறும் வயிறு, காலை, மதியம், இரவு என நான்கு பத்திகள். உணவுக்குரிய ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு செய்திகள்: முதல் கவளத்தின் நேரம், சோதித்த நேரம், அளவு, உண்டது என்ன, எவ்வளவு. இரண்டு மணி நேரத்தை உண்டு முடித்ததிலிருந்து எண்ணுவது பரவலான பிழை; தொடக்கத்திலிருந்தே எண்ண வேண்டும்.

இப்போது கணக்கு பேசியது. வெறும் வயிற்றில் ஏழு அளவுகளும் 83 முதல் 91 வரை. இலக்கு 95க்குக் கீழ். மதியத்தின் ஆறும் இரவின் ஐந்தும் 105 முதல் 118 வரை. இரண்டு மணி நேர இலக்கான 120க்குள் அடங்கின. காலையுணவின் ஆறில் ஐந்து மட்டும் மீறின. அந்த ஐந்து நாள்களிலும் ஐந்து இட்லியும் சர்க்கரை போட்ட தேநீரும். 118 வந்த ஆறாம் நாளில் இரண்டு பாசிப்பயற்று அடை, தேநீர் இல்லை. ஒரே நாளின் சான்றைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆனால் எந்த உணவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 112 என்ற சராசரியோ இதை முழுவதுமாகப் புதைத்து வைத்திருந்தது.

இது வெறும் எழுத்தர் வேலை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். 1995இல் டி வெசியானா குழுவினர், இன்சுலின் தேவைப்பட்ட 66 கர்ப்பிணிகளிடம் ஓர் ஒப்பீட்டை நடத்தினர். உணவுக்கு முந்தைய அளவுகளைக் கொண்டு சிகிச்சையைத் திருத்திய குழுவைவிட, உணவுக்குப் பிந்தைய அளவுகளைக் கொண்டு திருத்திய குழுவில் அளவுக்கு மீறிப் பெருத்த குழந்தைகள் குறைவாகப் பிறந்தன. ‘முன்’னும் ‘பின்’னும் அவ்வளவு வேறுபட்டவை. அவற்றை இடம் மாற்றி எழுதும் படிவம் சிகிச்சையையே இடம் மாற்றுகிறது.

“பெண்களே பொய் எழுதுகிறார்களே” என்பது எதிர்வாதம். எழுதுவதுண்டு. 1984இல் மேஸ் குழுவினர், நினைவகம் பொருத்தியிருப்பதைச் சொல்லாமல் நீரிழிவு நோயாளிகளிடம் கருவிகளைத் தந்தபோது, கருவியில் இல்லாத அளவுகள் கையேடுகளில் இருந்தன. ஆகவே கையேட்டைக் கருவியோடு ஒப்பிடத்தான் வேண்டும். அதற்கு முன் கருவியின் கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டும். மின்கலம் மாற்றியபின் அது பிறழ்ந்திருக்கக்கூடும். தவறவிட்ட சோதனையின் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். எண்பதாம் நிமிடத்தில் எடுத்த அளவை நீக்காமல் நேரத்தோடு எழுத வேண்டும். ஆனால் அதை இரண்டு மணி நேர இலக்கால் அளக்கலாகாது. பழம் தொட்ட விரலைக் கழுவாமல் சோதித்தாலும் எண் ஏறும். எனவே தனி எண்ணை அன்று, ஒரே பத்தியில் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வருவதை நம்ப வேண்டும்.

நேரமுத்திரை ஐயத்துக்கு இடமற்ற தரவு என்று நம்பும் நாம், ஆய்வுலகத்தார், இதைக் கவனிக்க வேண்டும். கருவி பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி என்றுதான் சொன்னது. பன்னிரண்டு மணியை ‘மதிய உணவுக்கு முன்’ என்று மொழிபெயர்த்தது, எட்டு மணிக்குத் தட்டின்முன் அமரும் ஒருவரின் வாழ்க்கை. கடைசியாக உண்ணும் பெண்ணுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. முதலில் கேட்க வேண்டியது, “என்ன சாப்பிட்டாய்?” என்பதன்று, “எப்போது சாப்பிட உட்கார்ந்தாய்?” என்பதே.