நடந்தும் வரலாம்

அறக்கொடை ஓட்டத்துக்கான சுவரொட்டிகளில் பெரும்பாலும் "நலமான நாளைக்காக ஓடுவோம்" என்ற வரிதான் பெரிய எழுத்தில் நிற்கிறது. சிக்னலில் வண்டியை நிறுத்தியவருக்கு அது எதையும் சொல்வதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில், டயாலிசிஸ் செலவுக்கு நிதி திரட்ட ஓர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் முதல் வரி இது: "5 கி.மீ. ஓடுங்கள், நடந்தும் வரலாம்." தொப்பை உள்ளவரையும் பாட்டியையும் அழைத்து வருவது அந்த இரண்டு சொற்கள்தான். அடுத்து, தேதியோடு கிழமை. பிறகு நேரம், அதுவும் இரண்டாகப் பிரித்து: "5.15க்கு வந்து சேருங்கள், 6 மணிக்கு ஓட்டம்." ஒரே நேரத்தைப் போட்டால் பாதிப் பேர் துவக்கத்துக்குப் பிறகுதான் வண்டி நிறுத்த இடம் தேடுவார்கள். கட்டணம் 300 ரூபாய் என்றால், டி-ஷர்ட்டுக்கும் தண்ணீருக்கும் போக நோயாளிக்கு எவ்வளவு போகிறது என்பதையும் அச்சிட வேண்டும். கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பெயர் பதிய கியூஆர் குறியீடு மட்டும் போதாது. நிற்கும் தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அகலம் அதற்கு வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முப்பது சென்டிமீட்டர்! துண்டறிக்கையில் மூன்று சென்டிமீட்டரே போதும். சுவரில் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். கடைசி வரி ஒரே வேலையைச் சொல்லட்டும்: "20ஆம் தேதிக்குள் இந்த எண்ணில் பெயரைப் பதியுங்கள்."