30 விநாடியில் 10,000 பாயிண்ட்டா? சர்வர் போட வேண்டிய எளிய கணக்கு

நெட் இல்லாதபோது குரோமில் வரும் டைனோ கேம் தெரியும்தானே? கோவையில் ஒரு கல்லூரி விழாவில் அதை வைத்து லீடர்போர்டு போட்டு, பரிசும் அறிவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோரைக் கணக்கிடுவது விளையாடுபவரின் பிரவுசர். டெவலப்பர் டூல்ஸைத் திறந்து எண்ணை மாற்ற இரண்டு நிமிடம் போதும். அதை அப்படியே நம்பும் சர்வர், ‘எத்தனை தோசை சாப்ட்டீங்க?’ என்று கேட்டு, சொன்னதற்கு மட்டும் பில் போடும் ஓட்டல் மாதிரிதான்.

சர்வர் தானே கணக்குப் போட வேண்டும். டைனோவின் உச்ச வேகம் ஃபிரேமுக்கு 13 பிக்சல். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 780 பிக்சல். 40 பிக்சலுக்கு ஒரு பாயிண்ட். ஆக, விநாடிக்கு 19.5 பாயிண்ட்டைத் தாண்டவே முடியாது. 10,000 எடுக்க எட்டரை நிமிடமாவது ஓடணும்.

எனவே ஆட்டம் தொடங்கும்போதே சர்வர் ஒரு ஐடி கொடுத்து, தன் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். போன் சொல்லும் நேரம் வேண்டாம், அதையும் மாற்றலாம். ஸ்கோர் வந்ததும் இதைப் பார்த்தால் போதும்:

```
score <= seconds * 19.5
```

ஒரு ஐடிக்கு ஒரே ஸ்கோர்தான். இல்லையென்றால் பழைய ஐடியை வைத்துப் பெரிய எண்ணை அனுப்புவார்கள்.

ஒன்பது நிமிடம் சும்மா காத்திருந்து 10,000 அனுப்புபவர் இதில் சிக்க மாட்டார். அதனால் பரிசுக்கு முன், முதல் மூன்று பேரையாவது நேரில் ஆட வைப்பதுதான் நியாயம்.